இட்லிப் பொடிப் பாக்கெட்டின் முதுகு

ஈரோட்டில் ஒருவர் இட்லிப் பொடி அரைத்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கைப்பக்குவம் பேசப்பட்டு, மாதம் 1,500 பாக்கெட் போகிறது. இதுவரை வெறும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தவர், இனி மளிகைக்கடைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் போக வேண்டும் என்று 200 கிராம் அளவில் ஒரு நல்ல பவுச் அச்சடிக்க நினைக்கிறார். டிசைனரிடம் போகிறார். நாலைந்து நாளில் கணினித் திரையில் ஒரு படம் வருகிறது. பவுச் விறைப்பாக நிற்கிறது, பக்கத்தில் ஆவி பறக்கும் இட்லி, பின்னால் மங்கலாக ஒரு வாழையிலை. எல்லோருக்கும் பிடித்துப்போகிறது.

அந்தப் படத்தில் இருக்கும் பவுச் எந்தக் கடையிலும் இருக்கப்போவதில்லை. கடையில் அது தனியாக நிற்காது. விறைப்பாகவும் நிற்காது. பொடி அடியில் இறங்கி வயிறு தள்ளியிருக்கும், மேல்பாதி துவண்டு முன்னால் சாயும், இரண்டு பக்கமும் போட்டிக்காரர்கள் நெருக்குவார்கள். திரையில் பார்த்து ஒப்புக்கொண்ட டிசைன் விற்பனையில் தடுக்கி விழுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதிக் காரணம் பவுச்சின் பின்பக்கத்திலும் அச்சகத்தின் பில்லிலும் இருக்கிறது. பெரும்பாலான சிறு தயாரிப்பாளர்கள் முன்பக்கப் படத்தில் தொடங்கி, மிஞ்சிய இடத்தில் சட்டம் கேட்கும் விவரங்களைத் திணித்து, கடைசியில் விலை விசாரிக்கிறார்கள். என் கட்சி இதற்கு நேர் எதிர். செலவுக் கணக்கையும் பின்பக்கத்தையும் முடித்துவிட்டுத்தான் முன்பக்கத்தைத் தொட வேண்டும். ஆனாலும் கடையின் பக்கத்திலிருந்து பேச்சைத் தொடங்குகிறேன், வாங்குபவர் அங்கேதானே நிற்கிறார்.

200 கிராம் இட்லிப் பொடிக்கு 130 மில்லிமீட்டர் அகலம், 200 மில்லிமீட்டர் உயரத்தில் அடி விரிந்து நிற்கும் ஸ்டாண்ட்-அப் பவுச் பொருந்தும். டிசைனர் இந்த முழுச் செவ்வகத்தையும் தன் தாளாக நினைத்துக்கொள்கிறார். ஆனால் இரு ஓரங்களிலும் சூட்டில் ஒட்டும் சீலுக்கு எட்டெட்டு மில்லிமீட்டர் போய்விடும். மேலே சீல், கிழிக்கும் வெட்டு, ஜிப் ஆகியவை சேர்ந்து 35 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளும். கீழே பொடி இறங்கி வளையும் இடம் ஏறக்குறைய 40. கூட்டிக் கழித்தால் கண்ணுக்கு நேராகத் தட்டையாகத் தெரியும் பகுதி 114-க்கு 125 மில்லிமீட்டர், அதாவது மொத்தப் பரப்பில் பாதியைவிடச் சற்றே அதிகம். பிராண்டின் பெயர், இது என்ன பொடி என்பது, நிறம், ஒரு படம் எல்லாம் அந்தப் பாதிக்குள் அடங்கியாக வேண்டும். இட்லியின் அழகான படத்தைக் கீழ் வளைவில் வைத்தால், ரேக்கின் முன்விளிம்பில் ஓடும் விலைப்பட்டைக்குப் பின்னால் அது ஒளிந்துகொள்ளும்.

மளிகைக்கடையில் கதையே வேறு. அங்கே பவுச் ரேக்கில் நிற்பது குறைவு, கம்பியிலோ சரத்திலோ தொங்குவதுதான் அதிகம். மேலே தொங்கவிட ஓட்டை இல்லாத பவுச்சை என்ன செய்வார்கள்? ஸ்டேப்லர் பின் அடித்து அட்டையில் மாட்டுவார்கள். பின் சீலுக்குள்ளேயே நின்றால் பிழைத்தோம், கொஞ்சம் இறங்கினால் காற்று புகுந்து பொடி கட்டிவிடும். வாடிக்கையாளரின் வசவு தயாரிப்பாளருக்கு. ஆகவே தொங்கும் ஓட்டைக்கு மேல் சீலை அகலமாக விட்டுவிடுவது நல்லது. ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும்போது மேலே உள்ள மூன்றில் ஒரு பங்குதான் வெளியே தெரியும் என்பதால், ‘இட்லிப் பொடி’ என்ற சொல் அந்த உயரத்துக்குள் வந்துவிட வேண்டும். பிராண்டின் பெயரை விடவும் இந்தச் சொல் முக்கியம். புதியவரின் பெயரைத் தேடி யாரும் வருவதில்லை, இட்லிப் பொடியைத் தேடித்தான் வருகிறார்கள்.

இதைச் சோதிக்கப் பெரிய செலவில்லை. டிசைனை உண்மையான அளவில் தாளில் அச்சிட்டு, பொடி நிரப்பிய வெற்றுப் பவுச்சில் ஒட்டி, தெரிந்த கடைக்காரரிடம் கேட்டு ரேக்கில் மற்ற பாக்கெட்டுகளுக்கு நடுவே வைக்க வேண்டும். ஆறடி தள்ளி நின்று போனில் ஒரு படம். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும். பொடி வகை ரேக்கில் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும்தான் ஆட்சி செய்கின்றன. சிவப்பின் மேல் ஆரஞ்சு எழுத்து திரையில் தகதகவென்று இருக்கும், கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். கண் தூரத்திலிருந்து முதலில் பிடிப்பது நிறத்தை விட வெளிச்ச இருட்டு வேறுபாட்டைத்தான். அந்தச் சாம்பல் படத்தில் ‘இட்லிப் பொடி’ படிக்க முடியவில்லை என்றால் கடையிலும் படிக்க முடியாது.

ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கும் பாக்கெட்டை மாற்றுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 2009 ஜனவரியில் அமெரிக்காவில் பெப்சிகோ தன் டிராப்பிகானா ஆரஞ்சுச் சாற்றின் அட்டைப்பெட்டியை மாற்றியது. ஆரஞ்சுப் பழத்தில் நேராக ஸ்ட்ரா குத்திய பழைய படம் போனது, கண்ணாடித் தம்ளரில் சாறு வந்தது, பெயர் செங்குத்தாகத் திரும்பிக்கொண்டது. உள்ளே இருந்த சாறு அதேதான். இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறக்குறைய 20 சதவீதம் விழுந்தது, பழைய பெட்டியையே திரும்பக் கொண்டுவந்தார்கள். புதியது அசிங்கம் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய கோளாறு, வழக்கமாக வாங்குபவர்களால் ரேக்கில் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான். சந்தையில் நிலைத்த பாக்கெட்டின் நிறத்தையும் அடையாளப் படத்தையும் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது.

பொடி தெரியட்டும் என்று பவுச்சில் கண்ணாடி போன்ற ஜன்னல் வைக்க எல்லோருக்கும் ஆசை. இட்லிப் பொடிக்கு நான் வேண்டாம் என்பேன். அதில் எள் இருக்கிறது, எள்ளில் எண்ணெய் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், மிளகாயின் சிவப்பும் வெளுக்கும். லாரியில் குலுங்கி வந்த பொடி படிந்து ஜன்னலில் பாதிதான் தெரியும், உள்பக்கம் எண்ணெய்த் தூசி அப்பிக்கொள்ளும். சரக்கைக் காட்டத்தான் வேண்டுமென்றால் அடிப்பக்கம் விரல் அகல ஜன்னல் போதும். அலுமினியப் பூச்சுள்ள படலத்தில் அதுவும் சிரமம்.

இனி முதுகுப் பக்கம். இந்தியாவில் பாக்கெட் உணவுக்கு இரண்டு சட்டங்கள் ஒரே நேரத்தில் கட்டளையிடுகின்றன. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகள் ஒன்று, எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு பாக்கெட் பொருள் விதிகள் மற்றொன்று. உணவின் பெயர், சேர்மானங்கள், ஊட்டச்சத்து அட்டவணை, சைவக் குறி, ஒவ்வாமை எச்சரிக்கை, தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், 14 இலக்க உரிம எண், நிகர எடை, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, எல்லா வரிகளும் அடங்கிய எம்.ஆர்.பி., ஒரு கிராமின் விலை, புகாருக்குத் தொடர்புகொள்ள வேண்டிய முகவரியும் போனும் ஈமெயிலும். இவ்வளவும் வேண்டும். எழுத்தின் உயரத்துக்கும் கீழ்வரம்பு உண்டு, அது பாக்கெட்டின் முகப்பு பெரிதாகப் பெரிதாக ஏறும்.

பட்டியலைப் படித்தால் எளிதாகத்தான் தெரிகிறது. தவறு நடக்கும் இடங்கள் சின்னச் சின்ன மூலைகள். நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று, கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், தமிழ் மட்டும் போதாது. ஈரோட்டில் அரைத்துக் கோபியில் விற்கும் பொடிக்கு இது என்ன நியாயம் என்று எனக்கும் தோன்றுகிறது, ஆனால் விதி அப்படித்தான். எடையை ஆங்கிலத்தில் எழுதும்போது எண்ணுக்குப் பின்னால் சிறிய ‘ஜி’ ஒன்று மட்டுமே வர வேண்டும். ‘ஜிஎம்’, ‘ஜிஎம்எஸ்’ என்று எழுதுவது அளவைக் குறியீட்டு முறைக்குப் புறம்பானது, எடையளவுத் துறை ஆய்வாளரின் கண் முதலில் அங்கேதான் போகும். ‘சுமார் 200 கிராம்’ என்பதும் கூடாது.

சேர்மானங்களை எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகாய், எள், உப்பு, பெருங்காயம் என்று எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். பெருங்காயத்தில்தான் பொறி இருக்கிறது. கடையில் நாம் வாங்கும் தூள் கூட்டுப் பெருங்காயம், அதில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை நம் ஒவ்வாமைப் பட்டியலில் உள்ள தானியம். கிலோவுக்கு நாலைந்து கிராம் பெருங்காயம் போட்டாலும், ‘கோதுமை உள்ளது’ என்று எழுதியாக வேண்டும். பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தாலே விடை தெரிந்துவிடும். அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களுக்கு இன்னொன்று: அங்கே 2023 முதல் எள்ளும் ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது, நம் பட்டியலில் இல்லை. ஒரே பவுச்சை இரு நாட்டுக்கும் ஓட்டுவது நடக்காது.

மசாலாப் பொருட்களுக்கும் அவற்றின் கலவைக்கும் ஊட்டச்சத்து அட்டவணையிலிருந்து விலக்கு உண்டு. பக்கத்து வீட்டு மிளகாய்த்தூள்காரர் அட்டவணை போடவில்லை என்பதைப் பார்த்து நாமும் விட்டுவிடக் கூடாது. இட்லிப் பொடியில் பாதிக்கு மேல் பருப்பு.

முன்பக்கத்தில் எழுதும் பெருமைச் சொற்களுக்கும் கடிவாளம் இருக்கிறது. இட்லிப் பொடி விற்கிற எல்லோருக்கும் ‘வீட்டில் செய்தது’ என்று போடத்தான் கை துடிக்கும். 2018-இல் வந்த விளம்பர விதிமுறைகளின்படி, வாங்குபவரை ஏமாற்றக்கூடிய வகையில் அப்படிப்பட்ட சொற்களைப் பயன்படுத்தக் கூடாது. மெஷினில் அரைத்து மெஷினில் நிரப்பும் ஆலைப் பொடிக்கு அது பொருந்தாது. பாரம்பரியம், இயற்கை, சுத்தம், அசல் போன்ற சொற்கள் பிராண்டின் பெயரிலேயே இருந்து அது தவறான எண்ணம் தருமென்றால், ‘இது வெறும் வணிகப் பெயர், தன்மையைக் குறிக்காது’ என்ற பொருளில் ஒரு குறிப்பைப் பார்வைக்குத் தெரியும் அளவில் போட வேண்டும். நல்ல பெயர் ஒன்று கிடைத்துவிட்டது என்று மகிழும் முன் இதை யோசித்துக்கொள்வது நல்லது.

ஒரு கிராமின் விலையும் கட்டாயம். 200 கிராம் 90 ரூபாய் என்றால், கிராமுக்கு 45 பைசா என்று எழுத வேண்டும். இதை வெறும் சட்டத் தொல்லையாகப் பார்க்கிறவர்கள் அதிகம். ஆனால் பக்கத்துப் பாக்கெட்டில் 38 பைசா என்று இருந்தால், அந்த ஏழு பைசாவுக்கு முன்பக்கம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். செக்கு நல்லெண்ணெயில் வறுத்ததா, எள் கூடுதலா, என்ன காரணமோ அதைப் பெரிதாக எழுதுவதுதான் முறை.

பார்கோடு பற்றி ஒரு வார்த்தை. பில் போடும் ஸ்கேனர் பெரும்பாலும் சிவப்பு ஒளியில் பார்க்கிறது. வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டால் அதன் கண்ணுக்கு எல்லாம் வெள்ளைதான். அலுமினியம் பளபளக்கும் படலத்தில் நேரடியாக அடித்தாலும் படிக்காது, வெள்ளைப் பட்டை போட்டு அதன் மேல் கறுப்பில் அடிக்க வேண்டும். வழக்கமான அளவு 37 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் அகலம், அதில் 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. டிசைனருக்குப் பிடிக்காத இந்தக் கட்டம் அடி வளைவிலோ சீலிலோ போய் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பணம். கிராவ்யூர் என்ற முறையில் பவுச்சை அச்சடிக்க, நிறம் ஒன்றுக்கு ஒரு செம்பு பூசிய சிலிண்டர் செதுக்க வேண்டும். நான்கு அடிப்படை நிறம், அலுமினியப் பளபளப்பை மறைக்க ஒரு வெள்ளை, பிராண்டுக்கென்று ஒரு தனி நிறம், ஆக ஆறு. விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும், ஆகவே கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் ஒன்று 7,000 ரூபாய் என்றால் ஆறுக்கு 42,000. மூன்று அடுக்குப் படலத்தில் நம் பவுச் ஏறக்குறைய ஆறு கிராம் எடை வரும். அச்சகம் குறைந்தது 300 கிலோ ஓட்டினால்தான் கட்டுப்படியாகும் என்கிறது. ஆறு கிராம் வீதம் அது 50,000 பவுச். பவுச் ஒன்று மூன்றரை ரூபாய் என்றால் 1,75,000. சிலிண்டருடன் 2,17,000.

மறுபக்கம் அச்சில்லாத வெற்றுப் பவுச்சில் முன்னும் பின்னும் ஸ்டிக்கர் ஒட்டுவது. பவுச் நாலரை, சிவகாசியில் அச்சடித்த இரண்டு ஸ்டிக்கர் இரண்டு ரூபாய், ஒட்டும் கூலி ஐம்பது பைசா. ஒன்றுக்கு ஏழு ரூபாய், முன்பணம் கிடையாது. அச்சகத்துக்காரர் இதைத்தான் சொல்லி மடக்குவார்: பவுச்சுக்கு மூன்றரை ரூபாய் மிச்சம், 12,000 பவுச்சில் சிலிண்டர் காசு வந்துவிடும், உங்கள் விற்பனைக்கு எட்டே மாதம்.

கணக்கு சரிதான். ஆனால் மாதம் 1,500 விற்கிறவருக்கு 50,000 பவுச் தீர முப்பத்து மூன்று மாதம் ஆகும். கிட்டத்தட்ட மூன்று வருடம் ஒரு தொழில் அப்படியே நிற்குமா? விற்பனை ஏறினால் பதிவுச் சான்று போய் உரிமம் வர வேண்டும், அப்போது 14 இலக்க எண்ணே மாறும். இடம் போதாமல் ஆலையை மாற்றினால் முகவரி மாறும். பெருங்காயக்காரரை மாற்றினால் ஒவ்வாமை வரி மாறும். விதி திருத்தப்பட்டால் இன்னொன்று. ஒரு வருடத்தில், 18,000 பவுச் தீர்ந்த நிலையில், மீதியைத் தூக்கிப் போட நேர்ந்தால், செலவழித்த 2,17,000-ஐ 18,000-ஆல் வகுக்க வேண்டும். பவுச் ஒன்று 12 ரூபாய்க்கு மேல். ஏழு ரூபாய் ஸ்டிக்கர் பவுச் மலிவு.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். 90 ரூபாய் எம்.ஆர்.பி.யில் கடைக்காரர், விநியோகஸ்தர் லாபம் போகத் தயாரிப்பாளர் கைக்கு 69 ரூபாய் போலத்தான் வரும். அதில் ஏழு ரூபாய் உறைக்கு என்பது பத்தில் ஒரு பங்கு. நிலைத்த விற்பனை வந்தபின் அதைத் தாங்கிக்கொண்டே இருக்க முடியாது. மாதம் ஐயாயிரத்தைத் தொட்டால், 50,000 பவுச் பத்து மாதத்தில் தீரும், அப்போது சிலிண்டர் நல்ல முடிவு. அதுவரை ஸ்டிக்கர். நடுவில் சிலிண்டரே இல்லாத டிஜிட்டல் அச்சு உண்டு, பவுச் விலை ஸ்டிக்கரைவிடக் கூடும், ஆனால் சில ஆயிரம் மட்டும் அடித்து டிசைனைச் சந்தையில் சோதித்துப் பார்க்க அது தோது.

சிலிண்டருக்குப் போகும்போது இந்தக் கணக்குதான் டிசைனைத் தீர்மானிக்க வேண்டும். பின்பக்கத்தின் சட்ட விவரங்கள் முழுவதையும் கறுப்பு ஒரே நிறத்தில் வைத்துவிட்டால், முகவரி மாறும் நாளில் ஒரு சிலிண்டரை மட்டும் புதிதாகச் செதுக்கினால் போதும். பல நிறம் கலந்த அழகான பழுப்பில் எழுதினால் இரண்டு மூன்றை மாற்ற வேண்டிவரும். அதோடு, பல நிறம் சேர்ந்த பொடி எழுத்து அச்சில் இம்மி விலகினாலும் கலங்கிவிடும். அடர்ந்த படத்துக்குள் வெள்ளையாக விட்ட சின்ன எழுத்து மையில் அடைபட்டுப்போகும். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி என்று வகைகள் வரப்போகின்றன என்றால், முகப்பின் சட்டத்தையும் பின்னணியையும் பொதுவாக வைத்து, பெயரும் சேர்மானமும் வரும் கறுப்பையும் வகைக்கான தனி நிறத்தையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மூன்று வகைக்குப் பதினெட்டு சிலிண்டர் தேவையில்லை, பத்து போதும்.

பேட்ச், தேதி, எம்.ஆர்.பி., கிராம் விலை ஆகியவற்றை அச்சில் சேர்க்கவே கூடாது. அவற்றுக்கு மங்கலான வெள்ளைக் கட்டம் ஒன்றை ஒதுக்கி, நிரப்பும்போது கோடிங் மெஷினில் அடிக்க வேண்டும். விலை ஏறினால் பழைய எம்.ஆர்.பி.யின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி உயர்த்துவது சட்டப்படி செல்லாது, குறைப்பதற்கு மட்டும் பழைய விலை மறையாமல் ஒட்டலாம். அந்தக் கட்டம் ஜிப் இருக்கும் மேட்டில் வந்தால் மை சரியாகப் படியாது. கை பட்டு அழியும் தேதி, தேதி இல்லாததற்குச் சமம்.

சிலிண்டர் செதுக்கும் முன் அச்சகம் ஒரு புரூஃப் அனுப்பிக் கையெழுத்துக் கேட்கும். திரையில் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது. உண்மையான அளவில் எடுத்து, வெட்டி, மடித்துப் பவுச்சாக்க வேண்டும். உரிம எண்ணின் 14 இலக்கங்களைச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவரை உரக்கப் படிக்கச் சொல்லி ஒப்பிட வேண்டும். சைவப் பச்சைக் குறி பச்சைப் பின்னணியில் கரைந்திருக்கிறதா, பார்கோடு ஸ்கேனரில் ‘பீப்’ என்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறத்துக்குத் தாளில் கொடுத்த மாதிரி பயன்படாது, படலத்திலேயே அடித்துக் காட்டச் சொல்லி, இதற்கு மேல் வெளுக்கக் கூடாது, இதற்கு மேல் அடரக் கூடாது என்று இரண்டு துண்டுகளில் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு செட் வைத்துக்கொள்வது வழக்கம். முதல் பவுச்சுகள் வந்ததும் பொடி நிரப்பி, சீல் வைத்து, ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிழிய வேண்டும். சீலில் பொடித் தூசி சிக்கியிருந்தால் அந்த இடத்திலிருந்து குமிழி வரும். அப்போது குற்றம் பவுச்சிலா, நிரப்பும் புனலிலா என்று தேட வேண்டியதுதான். பெரும்பாலும் புனல் குட்டையாக இருக்கும்.